இடம் இருக்குதோ என்று கேட்க வந்தவன்

தில்லைநாதன் அந்தக் கடிதத்தை நான்கு தரம் எழுதினான்.

முதலாவது ஒரு மனுப்போல வந்துவிட்டது. ஆறு வருடம் கொழும்பில் புகையிரதப் பகுதியில் சாமான் பதியும் கிளாக்கராக இருந்தவன் அவன். ‘மதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன்’ என்ற சொற்கள் அவன் கேட்காமலே பேனையிலிருந்து இறங்கின. இரண்டாவதில் செத்துப்போன தகப்பனைப் பற்றி, அவனுடைய அப்புவைப் பற்றிப் பாதிப்பக்கம் வந்தது. மூன்றாவதில் வீட்டுக் கஷ்டம் வந்தது. வாசித்துப் பார்த்தபோது அவனுக்கே கூச்சமாக இருந்தது. மூன்றையும் கிழித்து அடுப்படியில் கொண்டுபோய் வைத்தான். மனைவி விமலேஸ்வரி எடுத்து அடுப்பு மூட்டினாள்.

நான்காவது பத்து வரிதான்.

“அன்புள்ள சிற்றம்பலம் மாமாவுக்கு, உத்தியோகத்துக்குரிய சிங்களச் சோதனை மூன்று முறை எழுதியும் சித்தியடையாதபடியால் போன தை மாதத்தோடு என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது உடையார்கட்டில் அண்ணரோடு இருக்கிறேன். உங்கள் மரக்காலையில் ஏதும் இடம் இருக்கிறதா, அல்லது வவுனியாப் பக்கத்தில் வேறு யாரும் ஆள் தேடுவது உங்களுக்குத் தெரியுமா என்று அறிய விரும்புகிறேன். சாமான் பதிவு, புகையிரத வாகன் ஒழுங்கு, கடிதப் போக்குவரத்து எனக்குத் தெரியும். இடம் இல்லையென்றால் இல்லையென்று எழுதுங்கள். எனக்காக ஒன்றும் உண்டாக்க வேண்டாம். மாமியைக் கேட்டதாகச் சொல்லவும்.”

அண்ணன் சின்னராசா கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக்காணியும் கிடைத்துப் பத்து வருடமாகப் பாடுபடுகிறவன். அந்த வயல் விளைச்சலில் இப்போது தம்பி குடும்பத்து நான்கு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். அதை அவன் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை.

“இதென்னடா தம்பி, ஆரோ பிறத்தியானுக்கு எழுதின மாதிரி எழுதியிருக்கிறாய்?”

“ஏன், பிழை ஏதும் இருக்கோ?”

“சிற்றம்பலத்தார் வவுனியாவுக்கு வந்த நேரம் கையில ஒரு கோடாலியும் இல்லை. காட்டால மரம் இழுக்க அப்புதான் வண்டிலும் இரண்டு எருதும் குடுத்து விட்டவர். ஒரு போகம் முழுக்க. கூலி எண்டு ஒரு சதம் வாங்கேல்லை. அதை ஒரு வரி எழுதன்.”

“அப்பு அதைச் சொல்லிக் காட்டேல்லை. நான் ஏன் சொல்லிக்காட்டுவான்?”

“சொல்லிக்காட்டச் சொல்லேல்லை. ஞாபகப்படுத்து.”

“இரண்டும் ஒண்டுதான் அண்ணை.”

சின்னராசா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான். பின்னாலேயே தில்லைநாதனும் போனான். வரம்பு வெட்டுவதில் அண்ணன் பத்து முழம் போகும்போது அவன் மூன்று முழம்தான் போவான். மத்தியானத்துக்கு முன்பே உள்ளங்கை கொப்பளித்துவிடும். ஏழு மாதமாகியும் கை காய்க்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. “கடிதம் கிடைத்தது. இப்போது என்னிடம் இடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒருநாள் வாரும், கதைப்போம். வெள்ளிக்கிழமை வரவேண்டாம், காட்டுக்குப் போய்விடுவேன். சிற்றம்பலம்.”

“இடம் இல்லை எண்டு எழுதியிருக்கிறார். பிறகேன் போறியள்?” என்று விமலேஸ்வரி கேட்டாள்.

“வரச்சொல்லியும் எழுதியிருக்கிறார்.”

அவள் அவனுடைய வெள்ளைச் சேட்டைத் தோய்த்து, கஞ்சி போட்டு, சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி வைத்தாள். அண்ணி ஒரு போத்தல் காட்டுத்தேனைக் கொண்டுவந்து நீட்டினாள். வெறுங்கையோடு போகக்கூடாது என்றாள். அவன் அதை வாங்கினான். பிறகு அங்கேயே வைத்துவிட்டான்.

“வேலை கேக்கப் போறன் அண்ணி. தேனோட போனா அது வேற மாதிரிப் போயிடும்.”

புதன்கிழமை விடியப் புறப்பட்டான். புதுக்குடியிருப்பில் ஒரு பஸ் மாறி, ஒட்டுசுட்டானில் இன்னொன்றுக்காக ஒரு மணித்தியாலம் நின்று, மாங்குளம் சந்திக்குப் போய், அங்கிருந்து கண்டி வீதியால் தெற்கே வவுனியாவுக்குப் போனான். முதல் நாள் இரவு யானை சாய்த்த மரமொன்று ஒட்டுசுட்டான் தாண்டி வீதியில் கிடந்தது. பஸ்ஸிலிருந்த ஆண்கள் எல்லாரும் இறங்கி இழுத்தார்கள். அவனும் இழுத்தான். மரக்காலை வாசலில் நின்று பார்த்தபோது சேட்டின் ஒரு கை முழுக்க மரப்பாசி அப்பியிருந்தது. தட்டினான். அது இன்னும் பரவியது.

மரக்காலை புகையிரத நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். முற்றமெங்கும் முதிரை மரமும் பாலை மரமும் அடுக்கிக் கிடந்தன. ஒரு லொறியிலிருந்து குற்றிகளை உருட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை செய்த நடராசா என்பவர் ஒவ்வொரு குற்றியின் நடுச்சுற்றையும் நாடாவால் அளந்து சொல்ல, தகரக் கொட்டகைக்குள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வயதாளி அதை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வாள் மேசைகளில் ஒன்றுதான் ஓடியது. மற்றதன் மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தது.

சிற்றம்பலம் கொட்டகை முகப்பில் ஒரு கதிரையில் இருந்தார். தில்லைநாதன் கடைசியாக அவரைக் கண்டது அப்புவின் செத்த வீட்டில். அன்று தலை கறுப்பாக இருந்தது. இன்று புருவமும் வெளுத்திருந்தது.

“வாரும் தம்பி, இரும். பஸ்ஸில வந்தனீரோ? சரியா அலைஞ்சிருப்பீர்.”

பிளேன்ரீ வந்தது. அவன் பாதி குடிக்கும் வரை சிற்றம்பலம் லொறி இறக்குவதைப் பார்த்திருந்தார். பிறகு சாக்குப் போட்ட வாளைக் கையால் காட்டினார்.

“மனம் கோணாதையும், உள்ளதைச் சொல்லுறன். அது நிண்டு மூண்டு மாதம். காட்டுப் பெர்மிற் எடுக்கிற பாடு முந்தின மாதிரி இல்லை. ஒரு கடுதாசி போனா வாறதுக்கு ஒரு மாதம், வந்தா சிங்களத்தில வரும், அதை வாசிக்க ஒரு ஆளைத் தேடவேணும். போன கிழமை இரண்டு பேரை நிப்பாட்டினனான். இரண்டும் பிள்ளைகுட்டிக்காரர். எழுத்து வேலைக்கு ஐயாத்துரை இருக்கிறார், அந்தா, அவர்தான். பதினாலு வருசம் என்னோட.”

“விளங்குது மாமா. நீங்கள் அட்டையிலேயே எழுதியிருந்தனீங்கள்.”

“எழுதினனான்தான். ஆனா முகத்துக்கு நேரயும் சொல்ல வேணும் எண்டு கூப்பிட்டனான். தில்லையம்பலத்தாற்ற மகனுக்குத் தபாலட்டையில இல்லையெண்டு சொல்லிப்போட்டு இருக்க எனக்கு ஏலாமல் போச்சு.”

தில்லைநாதன் தலையாட்டினான். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தான். கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, வாசலுக்கு அப்பால் தான் வந்த வீதியைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒன்றும் உண்டாக்க வேண்டாம் என்று எழுதிய கை வேறு, விடிய நாலு மணிக்கு எழும்பிப் பஸ் ஏறிய மனம் வேறு. இந்த ஐம்பது அறுபது மைலும் உள்ளுக்குள் ஏதோ ஒரு மூலையில், ‘நேரில் கண்டால் மனம் மாறுவார்’ என்று ஒன்று இருந்திருக்கிறது. அது இப்போது போய்விட்டது. உடம்பு முழுவதும் அலுத்தது. அந்தக் கதிரையிலேயே கண்ணை மூடிவிடலாம் போல இருந்தது.

“சாப்பிட்டுட்டுப் போகலாம், வாரும்” என்று சிற்றம்பலம் எழும்பினார்.

வீடு மரக்காலைக்குப் பின்னால்தான். நாகேஸ்வரி மாமி இலை போட்டு, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கையிலை வறையும் பரிமாறினா. பிள்ளைகள் எத்தனை, எந்த வகுப்பு, விமலேஸ்வரிக்கு அந்த இழுப்பு வருத்தம் இன்னும் இருக்கோ என்றெல்லாம் கேட்டா. பிறகு அகப்பையைப் பிடித்தபடி புருஷன் பக்கம் திரும்பினா.

“ஏன், இவருக்கு ஒரு இடம் குடுக்க ஏலாதோ? அந்த மனிசன் எருதும் வண்டிலும் தராட்டி நாங்கள் இஞ்ச ஆர்? இவ்வளவு பெரிய காலையில ஒரு கதிரை போட இடமில்லையோ?”

சிற்றம்பலம் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். வாய்க்குப் போகவில்லை. “ஐயாத்துரையை என்ன செய்யச் சொல்லுறாய்?” என்றார் கடைசியில்.

“அந்தாளுக்கும் கண் தெரியேல்லை. மோன் வேற உழைக்கிறான். இரண்டு மாதத்தில தானா நிக்கச் சொல்லுங்கோவன்.”

ஒரு கணம் தில்லைநாதனுக்கு ஆசை வந்தது. அதை அவன் மறுக்க மாட்டான். இரண்டு மாதம் ஒன்றும் பெரிய காலமில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மாமியே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளுவா. ஆனால் தை மாதத்தில் தனக்கு வந்த கடிதமும் இப்படித்தான் யாரோ இரண்டு பேர் இருந்து பேசி வந்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அவன் இலையிலிருந்து கையை எடுத்தான்.

“மாமி,” என்றான். “மாமாவைக் குறை சொல்லாதையுங்கோ. நான் இடம் கேக்க வரேல்லை. இடம் இருக்குதோ எண்டு கேக்கத்தான் வந்தனான். இல்லையெண்டு சொல்லிப்போட்டார். அதோட சரி. ஐயாத்துரை அண்ணைக்குக் கண் தெரியாட்டி அது அவரும் மாமாவும் கதைக்கிற கதை. அதுக்குள்ள நான் வரக்கூடாது.”

மாமி இன்னொரு கரண்டி குழம்பு விட்டா. சிற்றம்பலம் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

கை கழுவியபின் அவர் அவனை மரக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கிணற்றடி நிழலில் நின்று வெற்றிலை மடித்தார்.

“கிழமைக்கு நாலு பேர் வருவினம் தம்பி. வேலையால நிப்பாட்டினவை, படிச்சிட்டு இருக்கிறவை. ஒருத்தர் மந்திரியின்ர ஆளின்ர கடிதத்தோட. ஒருத்தர் எங்கட பெரியம்மா வழிச் சொந்தம் எண்டு சொல்லிக்கொண்டு. எல்லாருக்கும் என்ர வாயால ஓம் எண்டு வரவேணும். இல்லையெண்டா பகை. அதால நான் தெரிஞ்சதையும் சொல்லுறேல்லை.”

“தெரிஞ்சது எண்டால்?”

“ஒரு இடம் இருக்கு. என்னட்டை இல்லை. உம்மட அப்புவின்ர முகத்தை நினைச்சுக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரேல்லை. அரசாங்கத்தில இருந்த ஆளை இப்பிடி ஒரு இடத்துக்கு அனுப்புறாரே எண்டு நாளைக்குச் சின்னராசா கேப்பான்.”

“நீங்கள் சொல்லுங்கோ மாமா. போறதும் போகாததும் என்ர பாடு.”

சிற்றம்பலம் சொன்னார். முல்லைத்தீவில் செபமாலை என்று ஒரு பெரிய சம்மாட்டி, சொந்தமாக வலைகளும் வள்ளங்களும் வைத்து மீன் வியாபாரம் செய்கிறவர். மீனை ஐஸ் பெட்டியில் அடைத்து லொறியில் மாங்குளம் புகையிரத நிலையத்துக்குக் கொண்டுவந்து கொழும்பு மெயில் வண்டியில் ஏற்றுகிறார். மாங்குளத்தில் ஒரு சின்னக் கொட்டகை இருக்கிறது. மருமகன் ஸ்ரீபன் அதைப் பார்க்கிறான். அங்கே பெட்டிகளைப் பதிந்து ஏற்றிவிடுகிற ஆள் போன மாதம் விட்டுவிட்டுப் போய்விட்டான். “போன ஞாயிறு மரப்பெட்டிக்குப் பலகை எடுக்க வந்த நேரம் ஸ்ரீபன் சொன்னவன். ஆள் எடுத்திட்டானோ தெரியாது. மீன் நாத்தம். இராவேலை. சம்பளம் அரசாங்கத்தில எடுத்ததில பாதிக்குக் கொஞ்சம் கூட வரும், அவ்வளவுதான். நான் ஒரு கடிதம் தரட்டோ?”

தில்லைநாதன் யோசித்தான்.

“கடிதம் வேண்டாம். ஆர் சொன்னது எண்டு கேட்டா உங்கட பேரைச் சொல்லலாமோ?”

“சொல்லும். உம்மை எனக்குச் சின்னனில இருந்து தெரியும் எண்டும் சொல்லும். அதுக்கு மேல நான் சொன்னதாச் சொல்லாதையும், ஏனெண்டா உம்மட வேலையை நான் கண்டதில்லை.”

“அது போதும் மாமா.”

மாங்குளத்தில் அவன் இறங்கும்போது மூன்றரை இருக்கும். கொட்டகையைத் தேட வேண்டியிருக்கவில்லை, மூக்கே காட்டியது. தண்டவாளத்துக்கு இப்பால் தகரக் கூரையின் கீழ் வெறும் பெட்டிகள் அடுக்கியிருந்தன. உமிக்குள் புதைத்த ஐஸ் கட்டிகளிலிருந்து தண்ணீர் வழிந்து வாசலில் சேறாகிக் கிடந்தது. சாரமும் பெனியனுமாக, கழுத்தில் மாதா சுருவப் பதக்கம் கோத்த வெள்ளிச் சங்கிலியோடு ஒருவன் பெட்டியொன்றுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும்.

“ஸ்ரீபன் எண்டது?”

“நான்தான். சொல்லுங்கோ.”

தில்லைநாதன் பெயரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், என்ன வேலை செய்தவன், ஏன் விட்டது என்பதையும் சொன்னான். “இஞ்ச ஒரு இடம் இருக்கெண்டு கேள்விப்பட்டனான். இன்னும் இருக்குதோ எண்டு கேக்க வந்தனான்.”

“ஆர் சொன்னது?”

“வவுனியா மரக்காலைச் சிற்றம்பலத்தார்.”

ஸ்ரீபன் சுத்தியலைக் கீழே வைத்தான். “உங்களை எடுக்கச் சொன்னவரோ?” கேள்வியில் ஒரு சலிப்பு இருந்தது. பலகை அங்கேதான் வாங்குகிறார்கள். மறுக்க முடியாத கோரிக்கை ஒன்று வந்து நிற்கிறது என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

“இல்லை. சின்னனில இருந்து என்னைத் தெரியும் எண்டு மட்டும் சொல்லச் சொன்னவர். என்ர வேலையை அவர் கண்டதில்லை.”

ஸ்ரீபன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். மரப்பாசி அப்பிய வெள்ளைச் சேட்டையும் பார்த்தான். பிறகு உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியிலிருந்து கடுதாசிக் கட்டொன்றைக் கொண்டுவந்து நீட்டினான்.

“இதைப் பாருங்கோ. பங்குனியில பதினொரு பெட்டி பாரை மீனும் விளை மீனும் அனுப்பினது. கொழும்பில ஒரு நாள் பிந்தித்தான் இறக்கியிருக்கினம். முழுக்கப் பழுது. நட்டஈடு கேட்டு நாலு மாதமாக் கடிதம் போகுது. முதல் இருந்த ஆள் கட்டாயம் வரும் வரும் எண்டு சொல்லிக்கொண்டிருந்திட்டுப் போட்டான். செபமாலை மாமா ஒவ்வொரு கிழமையும் என்னைக் கேக்கிறார். இது வருமோ?”

தில்லைநாதன் பெட்டியொன்றின் மேல் குந்தினான். கடிதங்களைப் பார்க்கவில்லை, பற்றுச்சீட்டைத் தேடி எடுத்தான். முன்பக்கம் பார்த்தான், மூலையில் சாய்வாக அடித்திருந்த முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விடை அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் கொஞ்சம் நேரம் எடுத்தது. ‘பார்ப்போம், எழுதிப் பார்க்கிறேன்’ என்று சொன்னால் வேலை கிடைக்கலாம். உண்மையைச் சொன்னால் இவனுடைய முகம் சுருங்கும். களைத்துப்போய் இருந்தான். பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும்.

“வராது” என்றான்.

“என்ன?”

“இது ‘ஓனர் றிஸ்க்’ கூலியில பதிஞ்சிருக்கு. குறைஞ்ச கூலி. அதில அனுப்பினா சாமான் உடையவன்ர பொறுப்பு. பிந்தினாலும் பழுதானாலும் றெயில்வே பொறுப்பெடாது, அவங்கட ஆள் வேணுமெண்டு செய்தது எண்டு நீங்கள் காட்டினா ஒழிய. இதில அப்பிடி ஒண்டும் இல்லை. கூடின கூலி கட்டி அவையின்ர பொறுப்பில பதிஞ்சிருந்தா கேக்க வழி இருந்திருக்கும். இனி எழுதிறது முத்திரைக் காசுக்கு நட்டம்.”

ஸ்ரீபனின் முகம் சுருங்கத்தான் செய்தது. பற்றுச்சீட்டை வாங்கித் தானும் பார்த்தான். அந்த முத்திரையை அவன் அன்றுதான் பார்க்கிறான் என்பது தெரிந்தது.

“அப்ப நாங்கள் அனுப்பிறது எல்லாம் இப்பிடித்தானோ?”

“மற்றப் பற்றுச்சீட்டுகளைப் பார்த்தாத்தான் தெரியும். எல்லாத்தையும் கூடின கூலியில அனுப்பினா உங்களுக்குக் கட்டுபடியாகாது. பெரிய மீன் போற நாளில மட்டும் யோசிக்கலாம்.”

தூரத்தில் ஒரு சாமான் வண்டி கூவியது. ஸ்ரீபன் கட்டைத் திரும்பக் கட்டினான். அவன் கோபமாக இருக்கிறானா, யோசிக்கிறானா என்று தில்லைநாதனுக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழும்பினான்.

“நான் வாறன்.”

“பொறுங்கோ. வேலை என்னெண்டு தெரியுமோ? பின்னேரம் லொறி வரும். பெட்டி நிறுத்து, துண்டு ஒட்டி, பதிஞ்சு, மெயிலுக்கு ஏத்திப்போட்டுத்தான் படுக்கலாம். லொறி பிந்தினா ஸ்ரேசன் மாஸ்டரோட கெஞ்சவேணும். கையில காலில மீன் தண்ணி. உங்களைப் போல ஆக்களுக்குச் சரிவருமோ?”

“எனக்குத் தெரியாது. செய்து பார்த்தாத்தான் தெரியும்.”

ஸ்ரீபன் முதல் முறையாகச் சிரித்தான். “மாமாவைக் கேக்கவேணும். ‘வராது’ எண்டு சொன்ன ஆளை எடுக்கப் போறன் எண்டு சொல்ல எனக்கும் கொஞ்சம் துணிவு வேணும். திங்கக்கிழமை வாங்கோ. ஒரு மாதம் பார்ப்பம். உங்களுக்கும் பிடிக்கவேணும், எங்களுக்கும் பிடிக்கவேணும்.”

உடையார்கட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். சின்னராசா மர வாங்கில் இருந்தான். தில்லைநாதன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். மீன் கொட்டகை என்றதும் அண்ணனின் கை முகத்தைத் தடவியது.

“சிற்றம்பலத்தார் இதுக்கோ உன்னைக் கூப்பிட்டவர்?”

“அவர் அனுப்பேல்லை அண்ணை. நான்தான் போனனான்.”

“ஊருக்கு என்னெண்டு சொல்லுறது?”

“மாங்குளத்தில ஒரு வேலை எண்டு சொல்லுங்கோ. அது பொய்யில்லை.”

சின்னராசா மீண்டும் வாயெடுத்தான். குசினிக்குள்ளிருந்து அண்ணி, “அவர் சாப்பிடட்டும், பிறகு கதையுங்கோ” என்றாள்.

விமலேஸ்வரி சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். பெரிய பிள்ளையின் பள்ளிக்கூடத்தை இப்போதைக்கு மாற்ற வேண்டாம், முதல் மாதம் போகட்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். கிழமைக்கு ஒருதரம் அவன் வந்து போவான். மாங்குளத்தில் படுக்க ஸ்ரீபன் ஒரு மூலை காட்டுவான் என்று நினைத்தான், ஆனால் கேட்க மறந்துவிட்டான்.

“அதையும் கேக்காம வந்திட்டியளே” என்றாள் அவள், குற்றமாக அல்ல.

“திங்கக்கிழமை கேக்கிறன்.”

சாப்பிட்டபின் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து ஒரு தபாலட்டை எழுதினான். இந்தமுறை கிழிக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்ரீபனைக் கண்டதாகவும், ஒரு மாதத்துக்குப் பார்ப்போம் என்று சொன்னதாகவும், மாமி தந்த சாப்பாட்டுக்கு நன்றி என்றும், ஐயாத்துரை அண்ணரைக் கேட்டதாகச் சொல்லும்படியும் எழுதினான். விலாசத்தை எழுதும்போது கண் சொக்கியது. பேனையை மூடிவிட்டு அப்படியே பாயில் சரிந்தான். விமலேஸ்வரி சேட்டின் மரப்பாசிக் கையை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாள். அது போகவில்லை. மீன் கொட்டகைக்கு அது போதும் என்று பிழிந்து கொடியில் போட்டாள்.